தேதியில் இருக்கிறது கணக்கு

துருக்கியில் 2021 டிசம்பரில் 100 லிராவுக்கு வாங்கிய பொருள்களை 2023 டிசம்பரில் வாங்க ஏறத்தாழ 271 லிரா தேவைப்பட்டது. இடையில் கழிந்தது இரண்டே ஆண்டுகள். அந்தக் காலத்தில் ஒரு நிறுவனம் வாங்கிய இயந்திரம், விற்ற துணி, கொடுத்த சம்பளம், வாங்கிய கடன் எல்லாமே அதன் ஏட்டில் லிரா என்றுதான் பதிவாகியிருக்கும். ஆனால் 2021-இன் லிராவும் 2023-இன் லிராவும் ஒரே அளவுள்ள பணம் அல்ல. இரண்டையும் அப்படியே கூட்டிக் கழித்தால் வரும் லாபத்தை நம்பி யாரும் பங்கு வாங்கக் கூடாது, கடன் கொடுக்கவும் கூடாது.

இதற்காகவே 1989-இல் சர்வதேசக் கணக்கியல் தரம் 29 வந்தது. மூன்று ஆண்டுகளில் விலைவாசி மொத்தமாக 100 சதவீதத்தை நெருங்கினாலோ தாண்டினாலோ அந்நாட்டில் கடும் பணவீக்கம் நிலவுகிறது என்பதற்கு அது முக்கிய அடையாளம். மக்கள் சேமிப்பை வெளிநாட்டுப் பணத்தில் வைப்பது, கூலியும் வட்டியும் விலைச் சுட்டெண்ணோடு கட்டப்படுவது போன்ற அடையாளங்களையும் அந்தத் தரம் பார்க்கச் சொல்கிறது. இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 சதவீதம் ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏற்றம் குறைவாக இருந்ததாலும், 2023-இல் விலையேற்றம் வேகமாகத் தணிந்ததாலும், இலங்கை நிறுவனங்கள் இந்த முறைக்கு மாற வேண்டிய நிலை வரவில்லை. துருக்கி அப்படித் தப்பவில்லை. 2023 டிசம்பரில் அங்கே மூன்றாண்டு மொத்த ஏற்றம் 268 சதவீதம்.

துருக்கியில் கிளை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனங்கள் 2022 ஜூன் முதலே இந்தத் தரத்தின்படி எழுதத் தொடங்கின. உள்நாட்டு நிறுவனங்களுக்கான உத்தரவு, அந்நாட்டின் கணக்கியல், தணிக்கை ஒழுங்குமுறை ஆணையத்திடமிருந்து 2023 நவம்பர் 23 அன்றுதான் வந்தது. டிசம்பர் 31 கணக்கையே மாற்றி எழுத வேண்டும். கையில் இருந்தது ஐந்தரை வாரம். அந்த ஆண்டின் தணிக்கை அறிக்கைகள் பலவற்றில் இந்த மாற்றமே முக்கியத் தணிக்கை விஷயமாக இடம்பெற்றது. அந்தக் கணக்கை ஒரு தணிக்கையாளர் எப்படிச் சோதிக்கிறார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மாற்றி எழுதுவது என்றால் என்ன

ஐந்தொகையில் உள்ள ஒவ்வோர் இனத்தையும் முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ரொக்கம், வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி, வங்கிக் கடன் ஆகியவை பணம் சார்ந்தவை. இத்தனை லிரா என்று அவற்றின் தொகை நிலைத்துவிட்டது. இன்று உள்ள தொகையே இன்றைய மதிப்பு என்பதால் அவற்றை மாற்றுவதில்லை.

நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கிருப்பு போன்றவை பணம் சாராதவை. ஏட்டில் இருப்பது அவை வாங்கிய நாளின் லிரா. அந்தத் தொகையை ஆண்டு முடிவின் சுட்டெண்ணால் பெருக்கி, வாங்கிய மாதத்தின் சுட்டெண்ணால் வகுத்தால் இன்றைய லிரா கிடைக்கும். விற்பனையும் செலவும் அப்படியே, அவை நடந்த மாதத்திலிருந்து மாற்றப்படும். முந்தைய ஆண்டின் கணக்கையும் ஒப்பிடுவதற்காக இன்றைய லிராவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இதைச் சொத்தின் சந்தை விலையைக் கண்டுபிடிக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இங்கே மாறுவது அளக்கும் அலகு மட்டும்தான். அன்று கொடுத்த விலையை இன்றைய லிராவில் சொல்கிறோம், அவ்வளவே.

எந்தச் சுட்டெண்

முதல் சோதனை சுட்டெண் தேர்வு. பொதுவான வாங்கும் சக்தியைக் காட்டும் சுட்டெண் வேண்டும் என்பதும், ஒரே நாணயத்தில் எழுதும் நிறுவனங்கள் எல்லாம் ஒரே சுட்டெண்ணைப் பயன்படுத்துவது நல்லது என்பதும் தரத்தின் நிலை. துருக்கியில் இதற்காக வரையறுக்கப்பட்டது அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனத்தின் நுகர்வோர் விலைச் சுட்டெண். 2003-ஐ 100 என்று வைத்தால் அது 2021 டிசம்பரில் 686.95, 2022 டிசம்பரில் 1,128.45, 2023 டிசம்பரில் 1,859.38. ஆகவே 2021 டிசம்பரில் வாங்கிய பொருளுக்குப் பெருக்கெண் 2.707, 2022 டிசம்பரில் வாங்கியதற்கு 1.648.

தணிக்கையாளர் நிறுவனம் கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்பதில்லை. புள்ளியியல் நிறுவனத்தின் தளத்திலிருந்து மாதவாரி எண்களைத் தானே எடுத்து, பெருக்கெண்களைத் தானே கணக்கிட்டு, ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். ஒரு மாதம் தள்ளிப் பொருத்தினாலும் ஆயிரக்கணக்கான சொத்துகளின் மதிப்பு பிசகிவிடும்.

துருக்கியில் இதில் ஒரு கூடுதல் கண்ணி உண்டு. 2023 கணக்குக்கு வரிச் சட்டமும் பணவீக்கத் திருத்தம் கேட்டது. ஆனால் அதற்கு உள்நாட்டு உற்பத்தியாளர் விலைச் சுட்டெண்ணைப் பயன்படுத்தச் சொன்னது. 2022-இல் நுகர்வோர் விலை 64.27 சதவீதம் ஏறியபோது உற்பத்தியாளர் விலை 97.72 சதவீதம் ஏறியது. 2023-இல் நிலைமை தலைகீழ்: நுகர்வோர் விலை 64.77, உற்பத்தியாளர் விலை 44.22. வரிக்காகக் கணினியில் ஏற்றிய எண்களை அப்படியே பங்குதாரர் கணக்குக்கும் எடுத்துவிட்டால், 2021 இறுதியில் வாங்கிய இயந்திரம் 2.707 மடங்குக்குப் பதில் 2.85 மடங்காகி மிகையாகத் தெரியும். 2022 இறுதியில் வாங்கியது 1.648 மடங்குக்குப் பதில் 1.442 மடங்காகிக் குறையும். பிழை ஒரே திசையில் போகாததால், மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

அரசின் எண்ணையே நம்பலாமா என்ற கேள்வியும் எழும். துருக்கியில் ஈநாக் என்ற தனியார் ஆய்வாளர் குழு 2023-க்குச் சொன்ன விலையேற்றம், அரசு சொன்னதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. தணிக்கையாளர் தன் விருப்பப்படி இன்னொரு சுட்டெண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலில் இருந்தால்தான் ஒப்பீடு நடக்கும். அளவுகோலே உடைந்துபோன நாடு அர்ஜென்டினா. அங்கே அரசின் விலைப் புள்ளிவிவரம் நம்பகம் இழந்து, 2013-இல் சர்வதேச நாணய நிதியம் அந்நாட்டின் மீது கண்டனத் தீர்மானம் போட்டது. 2018-இல் கடும் பணவீக்கக் கணக்கு திரும்பியபோது, அந்நாட்டுக் கணக்காளர் பேரவை ஓர் ஒட்டுத் தொடரை உருவாக்கியது. 2016 வரை மொத்த விலைச் சுட்டெண், 2017 முதல் தேசிய நுகர்வோர் சுட்டெண். தேசிய எண்ணே வெளிவராத 2015 நவம்பர், டிசம்பருக்குப் புவெனஸ் அயர்ஸ் நகரச் சுட்டெண். அங்கே தணிக்கையாளர் இந்த ஒட்டுகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாங்கிய நாள் எங்கே

சுட்டெண் சரியாக இருந்தால் மீதி வெறும் பெருக்கல்தானே என்று தோன்றும். பெருக்கலைக் கணினி பிழையில்லாமல் செய்துவிடும். தேதியை யார் கொடுத்தது என்பதில்தான் சிக்கல்.

நிறுவனம் மென்பொருளை மாற்றியபோது பழைய சொத்துகளுக்கெல்லாம் மாற்றிய நாளையே வாங்கிய நாளாகப் பதிந்திருக்கலாம். இயந்திரத்துக்கு முன்பணம் ஒரு மாதத்திலும் மீதி அடுத்த ஆண்டிலும் போயிருக்கலாம். ஏட்டில் நிறுவிய நாள் மட்டும் இருக்கும். கட்டடம் மூன்று ஆண்டுகள் எழும்பியிருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் தனித் தேதி வேண்டும். ஆகவே தணிக்கையாளர் சொத்துப் பதிவேட்டிலிருந்து மாதிரிகளை எடுத்து, விலைப்பட்டியல், வங்கிச் சான்று, நிலப் பத்திரம் வரை போகிறார்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கமாக ஏட்டில் பெரிய தொகையாக இருப்பவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே அது போதாது. 2004 இறுதி மதிப்பாக 50 லட்சம் புதிய லிரா என்று ஏட்டில் நிற்கும் ஒரு நிலம், பழைய தொகைகளின் பட்டியலில் கடைசி வரிகளில் கிடக்கும். 2004 டிசம்பரின் சுட்டெண் 113.86. அங்கிருந்து 2023 வரை 16 மடங்குக்கு மேல் ஆகிறது. நிலம் எட்டுக் கோடி லிராவைத் தாண்டுகிறது. ஆகவே மாற்றிய பின் வரும் தொகையை வைத்துத்தான் மாதிரி எடுக்க வேண்டும். துருக்கியில் முந்தைய கடும் பணவீக்கக் கணக்கு 2004 இறுதியோடு முடிந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முந்தைய சொத்துகள் அந்த நாள் வரை ஏற்கெனவே மாற்றப்பட்டவை. அவற்றை 1990-களின் தேதியிலிருந்து மறுபடி பெருக்கினால் ஒரே பணவீக்கம் இரண்டு முறை ஏறிவிடும்.

விற்பனைக்கும் சரக்குக்கும் மாதம் முக்கியம். 2023 மே மாதத்தில் துருக்கி அரசு வீடுகளுக்கு இயற்கை எரிவாயுவை இலவசமாகக் கொடுத்ததால் அந்த மாதச் சுட்டெண் 0.04 சதவீதமே ஏறியது. ஜூலையில் 9.49, ஆகஸ்டில் 9.09 சதவீதம் என்று எகிறியது. மே மாதத்தில் விற்ற ஒரு கோடி, ஆண்டு முடிவின் லிராவில் 1.43 கோடி. ஆகஸ்டில் விற்ற ஒரு கோடி 1.15 கோடிதான். ஆண்டு முழுவதும் சீராக விற்கும் கடைக்குச் சராசரி சுட்டெண் போதும். கோடையில் மட்டும் சம்பாதிக்கும் கடற்கரை விடுதிக்குப் போதாது. மாதவாரி விற்பனையைக் கேட்டு வாங்கி, சராசரி எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது தணிக்கையாளரின் வேலை.

ஒரு துணி ஆலையின் கணக்கு

மிகவும் எளிமையாக்கிய ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். துருக்கியில் ஒரு துணி ஆலை என்று வைத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் 10 கோடி லிராவுக்கு இயந்திரம் வாங்கியது. ஆயுள் பத்து ஆண்டு. ஆண்டுக்கு ஒரு கோடி தேய்மானம். 2022 இறுதியில் இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு 9 கோடி, ரொக்கம் 2 கோடி, வங்கிக் கடன் 8 கோடி. அதாவது பணம் சார்ந்த இனங்களில் 6 கோடி நிகரக் கடன். சொந்த நிதி 3 கோடி.

2023-இல் ஆண்டு முழுவதும் சீராக 12 கோடி விற்பனை, வட்டி உட்பட 10 கோடி செலவு. இரண்டும் ரொக்கம். ஆண்டு முடிவில் நிகரக் கடன் 4 கோடியாகக் குறைகிறது. பழைய முறையில் தேய்மானம் போக லாபம் ஒரு கோடி.

இப்போது எல்லாவற்றையும் 2023 டிசம்பர் லிராவுக்கு மாற்றுவோம். சராசரி மாதத்துக்கான பெருக்கெண் 1.249. விற்பனை 14.99 கோடி, செலவு 12.49 கோடி, மிச்சம் 2.50 கோடி. தேய்மானத்துக்கு இயந்திரத்தின் பெருக்கெண்ணையே போட வேண்டும் என்பதால் அது 2.71 கோடி. ஒரு கோடி லாபம் காட்டிய தொழில், உண்மையில் 21 லட்சம் லிரா நஷ்டத்தில் ஓடியிருக்கிறது. இயந்திரம் தேய்வதை ஈடுகட்டும் அளவுக்குக்கூட விற்பனை விலை ஏறவில்லை என்று இந்த எண் சொல்கிறது.

ஐந்தொகையைப் பார்ப்போம். தொடக்கத்தில் இயந்திரம் 24.36 கோடி, நிகரக் கடன் 9.89 கோடி, சொந்த நிதி 14.47 கோடி. முடிவில் இயந்திரம் 21.65 கோடி, நிகரக் கடன் 4 கோடி, சொந்த நிதி 17.65 கோடி. சொந்த நிதி 3.18 கோடி கூடியிருக்கிறது. தொழிலோ 21 லட்சம் நஷ்டம். இடைவெளியான 3.39 கோடிதான் பணநிலை ஆதாயம். கடன் வாங்கியபோது இருந்த லிராவை விட மெலிந்த லிராவில் அதைத் திருப்பிக் கொடுப்பதால் வரும் ஆதாயம் இது. ரொக்கம் அதிகம் வைத்திருந்தால் இதே இடத்தில் நஷ்டம் வந்திருக்கும்.

ஆதாயத்தை இரண்டு வழியில் காண்பது

மேலே 3.39 கோடியைக் கண்ட விதத்தைக் கவனியுங்கள். மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு, இரு பக்கமும் ஒத்துப்போகத் தேவையான மீதியை ஆதாயம் என்று பெயரிட்டோம். பல நிறுவனங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. எந்தப் பிழை நடந்திருந்தாலும் அது இந்த மீதிக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்தொகை எப்போதும் சரியாக ஒத்துப்போகும்.

அதனால் தணிக்கையாளர் ஆதாயத்தைத் தனியே, பணம் சார்ந்த இனங்களின் போக்கிலிருந்து கணக்கிடுகிறார். ஆண்டு முழுவதும் சுமந்த தொடக்க நிகரக் கடன் 6 கோடி. அது 0.648 மடங்கு மெலிந்தது, ஆதாயம் 3.89 கோடி. ஆண்டினூடே சீராக 2 கோடி உள்ளே வந்தது. அது வந்த நாளிலிருந்து 0.249 மடங்கு மெலிந்தது, நஷ்டம் 0.50 கோடி. நிகரம் 3.39 கோடி. இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசமே வழி காட்டும். தேய்மானத்துக்கு இயந்திரத்தின் பெருக்கெண்ணைப் போடாமல் சராசரிப் பெருக்கெண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். மீதியாக வரும் ஆதாயம் 1.93 கோடியாகக் குறைந்துவிடும். தனிக் கணக்கு 3.39 என்றே சொல்லும். வித்தியாசம் 1.46 கோடி. சரியான தேய்மானத்துக்கும் தவறானதற்கும் உள்ள வித்தியாசம் அச்சாக அதே தொகை. பெரிய நிறுவனங்களில் மாதவாரியாக இந்தச் சோதனையைச் செய்தால் எந்த மாதம், எந்த வரி என்பது வரை தேடிப் பிடிக்க முடியும்.

சோதனை பிடிக்காத பிழைகள்

இந்தச் சோதனை தேறினால் கணக்கு சரி என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. அதே ஆலையின் இயந்திரத்துக்கு, மென்பொருள் மாற்றத்தால் 2021 டிசம்பருக்குப் பதில் 2022 டிசம்பர் என்று தேதி விழுந்துவிட்டது என்போம். தொடக்க மதிப்பு, முடிவு மதிப்பு, தேய்மானம் மூன்றுக்கும் 1.648 என்ற தவறான பெருக்கெண் ஒரே மாதிரி போகும். இயந்திரத்தின் முடிவு மதிப்பு 21.65 கோடிக்குப் பதில் 13.18 கோடி. தேய்மானம் குறைவதால் 21 லட்சம் நஷ்டம் 85 லட்சம் லாபமாகிவிடும். சொந்த நிதியில் எட்டரைக் கோடி காணாமல் போயிருக்கும். ஆனால் மீதியாக வரும் ஆதாயம் அதே 3.39 கோடி. இரண்டு வழிக் கணக்கும் அழகாக ஒத்துப்போகும். பிழையின் பெரும் பகுதி தொடக்கச் சொந்த நிதிக்குள் போய்விட்டது. முதல் ஆண்டில் அங்கே இருக்கும் சேர்த்துவைத்த லாபமும் மீதியாகக் கண்ட எண்தான் என்பதால் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

இனம் பிரிப்பதில் நடக்கும் பிழையும் இப்படித்தான். பஞ்சு வியாபாரிக்கு, விலை பேசி முடித்து, கொடுத்த முன்பணம் பணம் சாராத இனம். ஆலைக்குத் திரும்பி வரப்போவது பஞ்சுதான், லிரா அல்ல. அதை வாடிக்கையாளர் பாக்கியோடு சேர்த்துப் பணம் சார்ந்தது என்று எழுதினால், இரண்டு வழியிலும் அது ஒரே பக்கம் நிற்கும். சோதனை ஒன்றும் சொல்லாது. ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும்.

கூட்டல், பெருக்கல், இணைப்பு ஆகியவற்றில் நேரும் பிழையை எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பிடிக்கலாம். தேதியிலும் வகையிலும் நேரும் பிழைக்கு விலைப்பட்டியலும் ஒப்பந்தமும் தவிர வேறு மருந்து இல்லை. ஐந்தரை வாரத்தில் மாற்றி எழுதிய கணக்கில் முதல் வகைச் சோதனை முழுமையாகவும் இரண்டாவது அரைகுறையாகவும் நடக்கும் ஆபத்து அதிகம். என் பார்வையில் ஒரு தணிக்கையின் தரம் தீர்மானமாவது இந்த இரண்டாவதில்தான்.

கூரை ஒன்று உண்டு

மாற்றி எழுதிய மதிப்புக்கு வரம்பு இருக்கிறது. இயந்திரம் 21.65 கோடி என்று சுட்டெண் சொல்லலாம். அதை ஓட்டியோ விற்றோ அவ்வளவு திரும்பக் கிடைக்காது என்றால் கிடைக்கக்கூடிய அளவுக்குக் குறைத்தாக வேண்டும். தேங்கிய துணிக்கும் இதே விதி. நம் ஆலை தொழிலில் நஷ்டம் காட்டுகிறது என்பதே இந்தக் கேள்வியை எழுப்பப் போதுமான காரணம். மதிப்பைச் சோதிக்கும்போது எதிர்கால வருவாயைப் பணவீக்கம் சேர்த்துக் கணித்தால் வட்டி விகிதமும் பணவீக்கம் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வருவாயில் சேர்த்து வட்டி விகிதத்தில் விட்டால் பட்டுப்போன இயந்திரமும் பொன்னாகத் தெரியும்.

இப்படிப்பட்ட கணக்கு கைக்கு வரும்போது, கடைசி வரியில் உள்ள 3.18 கோடி லாபத்தை மட்டும் பார்க்க வேண்டாம். பணநிலை ஆதாயத்துக்கு முன் தொழில் என்ன ஈட்டியது என்று முதலில் பாருங்கள். அந்த ஆதாயம் பணமாகக் கைக்கு வந்ததல்ல. அதை வைத்துச் சம்பளமோ ஈவுத்தொகையோ கொடுக்க முடியாது. கடனுக்குக் கட்டிய வட்டியையும் பக்கத்தில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். பணம் மெலிவதை எதிர்பார்த்துத்தான் வங்கி அந்த வட்டியைப் போட்டிருக்கிறது. பிறகு குறிப்புகளுக்குப் போய், எந்தச் சுட்டெண், எந்தத் தேதியிலிருந்து, ஆதாயம் எந்தெந்த இனங்களிலிருந்து வந்தது என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். ஆதாயத்தை ஒற்றை வரியாக மட்டும் போட்டு, அதன் பிறப்பை விளக்காத நிறுவனம் அதை இன்னும் மீதியாகத்தான் வைத்திருக்கிறது என்று சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு.